முள் சைபரைத் தொட்ட பிறகும்: காரைக்கால் பட்டறையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தின் அருகிலும், கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்கு லாரிகள் போகும் சாலையோரத்திலும், திருமலைராயன்பட்டினத்திலும், நகரத்தின் உட்தெருக்களிலும் கம்ப்ரசர் வைத்துத் தொழில் நடத்துகின்ற பட்டறை உரிமையாளர்களே, மேஸ்திரிகளே, அவர்களிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கும் தம்பிமார்களே,

நான் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் கைத்தொழிலை உங்களுக்கே போதிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பதை நன்கு அறிவேன். ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன் மணிக்கட்டு நொறுங்கிய கையோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "சார், முள் சைபரில்தான் இருந்தது, நான் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன்" என்று சொன்ன நாளிலிருந்து, அந்த ஒரு வாக்கியத்துக்குரிய விடையை உங்களிடம் நேரில் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கி 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. படகுகள் கரையேறியதும் சுரண்டலும் வர்ணம் பூசுதலும் எஞ்சின் வேலையும் உங்கள் பட்டறைகளை நிரப்பும். கம்ப்ரசர் தொட்டிகளைத் திறந்து உள்ளே சேர்ந்த துருவையும் சேற்றையும் கழுவுவதும் அதையொட்டியே நடக்கும். ஆகையால்தான் இம்மடலை இப்போதே எழுதுகிறேன்.

அந்தப் பையன் வேலை செய்த இடத்தில் நடந்தது இவ்வளவுதான். தொட்டியில் ஏழு கிலோ காற்று இருந்தது. கழுவ வேண்டுமென்று மேஸ்திரி சொல்ல, அவன் பெரிய வால்வை முழுவதும் திறந்துவிட்டான். அலறிக்கொண்டு வெளிவந்த காற்று அரை நிமிஷத்துக்குள் ஓய்ந்தது. முள் சைபரில் நின்றது. வாசலில் கிடந்த மணலும் தூசியும் உள்ளே போய்விடக் கூடாது என்று, நல்ல எண்ணத்தோடுதான், வால்வை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து, முள்ளை மறுபடியும் ஒருமுறை பார்த்து, பக்கவாட்டிலிருந்த வட்ட மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினான். கடைசி போல்ட்டின் நட்டு விடுபடும் தறுவாயில் மூடி பாய்ந்து வந்து அவன் கையைத் தாக்கியது. அவனைக் கவனக்குறைவானவன் என்று பட்டறையில் பலரும் ஏசினார்கள். அந்த ஏச்சு அநியாயமானது. அவன் பார்க்க வேண்டியதைப் பார்த்தான். ஆனால் அவன் பார்த்த பொருள், அவன் அறிய வேண்டியதைச் சொல்லும் பொருளன்று.

நீங்கள் தொட்டியைக் காலி செய்யும்போது உள்ளே எஞ்சி நிற்கின்ற காற்றுக்கு என்ன நேருகிறது என்பதைச் சற்று நிதானமாக யோசியுங்கள். வெளியே போகிற காற்று தானாகப் போவதில்லை; பின்னால் இருக்கும் காற்று விரிந்து, முன்னால் இருப்பதைப் பிடித்துத் தள்ளுவதால்தான் அது போகிறது. தள்ளுவது ஒரு வேலை. வேலைக்குக் கூலி வேண்டும். எஞ்சிய காற்று அந்தக் கூலியைத் தன் உஷ்ணத்திலிருந்தே கொடுக்கிறது. எனவே தொட்டியை எந்த வேகத்தில் திறந்தாலும் உள்ளே நிற்கும் காற்று குளிரத்தான் முயலும். வித்தியாசமெல்லாம், அதைச் சுற்றியிருக்கும் இரும்புச் சுவர் இழந்த உஷ்ணத்தை ஈடு செய்வதற்கு நீங்கள் எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. வால்வை மயிரிழை திறந்து முக்கால் மணி நேரம் கசியவிட்டால், காற்று ஒரு துளி உஷ்ணத்தை இழக்கும்போதே சுவர் ஒரு துளி கொடுத்துவிடும். உள்ளே உஷ்ணநிலை மாறாமலே இருக்கும். முழுவதும் திறந்து அரை நிமிஷத்தில் விட்டால், சுவர் கொடுப்பதற்குள் காற்று குளிர்ந்துவிடும்.

குளிர்ந்த காற்று நெருக்கமான காற்று. ஒரே தொட்டியில், ஒரே அழுத்தத்தில், சூடான காற்றைவிடக் குளிர்ந்த காற்று எடை கூடுதலாக அடங்கும். ஆகவே, மெதுவாகக் காலி செய்த தொட்டியும் வேகமாகக் காலி செய்த தொட்டியும் முள்ளில் ஒரே எண்ணைக் காட்டினாலும், உள்ளே மிஞ்சியிருக்கும் காற்றின் நிறை ஒன்றல்ல. வேகமாகக் காலி செய்ததில்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது. முள் அழுத்தத்தை மட்டும் அறியும். உஷ்ணத்தையும் அறியாது, நிறையையும் அறியாது. வால்வை மூடிய பின் அந்தக் குளிர்ந்த காற்று சுவரிடமிருந்து உஷ்ணத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை, ஆகையால் அழுத்தம் தானாக ஏறுகிறது. நீங்கள் தேநீர் குடிக்கும் பத்து நிமிஷம் அதற்குப் போதுமான அவகாசம்.

இதை ஏட்டுச்சுரைக்காய் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாதென்பதற்காக, நண்பர் ஒருவரின் பட்டறையில், 220 லிட்டர் தொட்டி ஒன்றில் நானே செய்து பார்த்ததைச் சொல்கிறேன். அன்று நிழலில் 30 டிகிரி. தொட்டியில் ஏழு கிலோ. அதாவது வெளிக்காற்றின் ஒரு கிலோவையும் சேர்த்துக் கணக்கிட்டால் உள்ளே எட்டு. (கேஜ் எப்போதும் வெளிக்காற்றைக் கழித்தே காட்டுகிறது என்பதை மறக்க வேண்டாம், இந்தக் கணக்குகளில் அந்த ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.) அந்த நிலையில் தொட்டிக்குள் இருந்த காற்றின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. முதலில் வடிகால் வால்வை மிகக் கொஞ்சமாகத் திறந்து, நாற்பது நிமிஷத்துக்கு மேல் பொறுத்திருந்து, முள் ஒன்றில் நிற்கும்போது மூடினேன். பத்து நிமிஷம் கழித்தும் முள் ஒன்றிலேயே இருந்தது. எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியிருக்கிறது, உஷ்ணம் மாறவில்லை, எனவே நாலில் ஒரு பங்கு காற்று, அதாவது அரைக் கிலோ எடை, மிஞ்சியிருந்தது.

பிறகு மறுபடியும் ஏழு கிலோ நிரப்பி, தொட்டி பழைய சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்து, இம்முறை பெரிய வால்வை முழுக்கத் திறந்தேன். கால் நிமிஷத்தில் முள் ஒன்றுக்கு வந்தது, உடனே மூடினேன். அடுத்த நிமிஷத்திலேயே முள் நகரத் தொடங்கியது. முதலில் விரைவாகவும், பின்பு தயங்கித் தயங்கியும் ஏறி, பத்தாவது நிமிஷத்தில் ஒன்றரையில் நிலைத்தது. அந்த அரைக் கிலோ ஏற்றம் ஒன்றே நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறது. இப்போது உள்ளே மொத்தம் இரண்டரை. உஷ்ணம் பழையபடி 30 டிகிரி. ஆகவே மிஞ்சிய காற்று எட்டில் இரண்டரைப் பங்கு, அதாவது நூற்றுக்கு முப்பத்தொன்று. எடையில் 630 கிராம் வரை வரும். மெதுவாக விட்டபோது மிஞ்சியதைவிட இது நூறு கிராமுக்கு மேல் அதிகம். மூடிய கணத்தில் இதே காற்று இரண்டு என்ற அழுத்தத்தில் இருந்தது என்றால், அப்போது அதன் உஷ்ணநிலை இப்போதைய நிலையில் இரண்டரையில் இரண்டு பங்காக இருந்திருக்க வேண்டும். கெல்வின் கணக்கில் 303-இல் ஐந்தில் நான்கு பங்கு 242; நம் கணக்கில் அது சைபருக்குக் கீழே 31 டிகிரி. காரைக்கால் வெயிலில், கை தொடும் தூரத்தில், ஓர் இரும்புத் தொட்டிக்குள் சில கணங்கள் அத்தகைய குளிர் இருந்தது. உள்ளே உஷ்ணமானி வைக்காமலே முள்ளின் ஏற்றத்தைக் கொண்டு அதை அறிந்துகொண்டோம்.

இது என் சொந்த யுக்தியன்று. பிரெஞ்சுக்காரர்களான க்ளெமான், தெசோர்ம் என்னும் இருவர் 1819-இல் வெளியிட்ட சோதனையின் சாரமே இது. அவர்கள் பெரிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் காற்றைச் சிறிது குறைத்துவைத்து, வாயைக் கணநேரம் திறந்து வெளிக்காற்றைப் புகவிட்டு மூடி, உள்ளே சூடேறிய காற்று ஆறும்போது அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். நம் கல்லூரிகளில் அதையே திருப்பிப்போட்டு, காற்றைச் சிறிது அதிகமாக அடைத்து, கணநேரம் திறந்து மூடி, குளிர்ந்த காற்று சூடாகும்போது ஏறும் அழுத்தத்தை அளக்கச் சொல்கிறோம். 1954 நவம்பர் முதல் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊரில், இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயரை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் போட்ட நான், அடுத்த தெருவில் அதே சோதனை ஒவ்வொரு நாளும் ஏழு கிலோ அழுத்தத்தில் நடக்கிறதென்று ஒரு நாளும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தப் பையனும் அந்தச் சோதனையைச் செய்து தேறியவன்தான். இந்தக் குறை என்னுடையது. அதன் பாரத்தோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சுவரிலிருந்து உஷ்ணம் சிறிதும் வராத அளவுக்கு வேகமாகக் காலி செய்தால் குளிர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அழுத்தம் எத்தனை மடங்கு குறைந்ததோ அந்த விகிதத்தை ஏழில் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்தினால் உஷ்ணநிலையின் விகிதம் கிடைக்கும். ஏழில் ஐந்து என்ற அடுக்குக்கு உயர்த்தினால் மிஞ்சும் நிறையின் விகிதம் கிடைக்கும். எட்டிலிருந்து ஒன்றுக்கு, அதாவது முள் ஏழிலிருந்து சைபருக்கு வந்தால், உள்ளே சைபருக்குக் கீழே 106 டிகிரி குளிர்ந்து, நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு காற்று மிஞ்ச வேண்டும். மெதுவாக விட்டால் மிஞ்சுவது நூற்றுக்குப் பன்னிரண்டரை மட்டுமே. உங்கள் பட்டறைத் தொட்டிகளில் நடப்பது இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டது. அரை நிமிஷம் என்பது மனிதனுக்குக் குறைந்த நேரமாயினும், சுவருக்கு ஓரளவு உஷ்ணம் கொடுக்கப் போதுமான நேரமே. தொட்டி சிறியதாகவும் வால்வு குறுகலாகவும் இருந்தால் முதல் எல்லையை விட்டு இன்னும் விலகும். தொட்டி பெரிதாகவும் வால்வு அகலமாகவும் இருந்தால் அதை நெருங்கும். நான் சோதித்த தொட்டி காட்டிய போக்கையே தொடர்ந்து கணக்கிட்டால், சைபருக்கு வரும்போது உள்ளே சைபருக்குக் கீழே 56 டிகிரி. மிஞ்சும் காற்று நூற்றுக்குப் பதினேழோ பதினெட்டோ. வால்வை மூடிவிட்டால் பத்து நிமிஷத்தில் முள் ஏற வேண்டிய அளவு 0.4 கிலோ.

0.4 என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் உரிய கணக்கு. பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மூடியின் பரப்பு 177 சதுர சென்டிமீட்டர். அதன் மீது உள்ளிருந்து தள்ளும் பாரம் எழுபது கிலோவுக்குச் சற்றே அதிகம். வளர்ந்த ஆள் ஒருவர் உள்ளிருந்து காலால் உதைப்பதற்குச் சமானமான அந்தப் பாரம் கடைசி போல்ட்டைச் சார்ந்து நிற்கும்போதுதான் உங்கள் பையன் ஸ்பானரைப் போடுகிறான்.

அப்படியானால் திரும்பி வந்து பார்த்தபோது முள் ஏன் சைபரிலேயே இருந்தது? இந்தக் கேள்விதான் என்னை வெகுநாள் வாட்டியது. விடை கேஜின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தத் தொட்டியில் மாட்டியிருந்தது பதினாறு கிலோ வரை காட்டும் கேஜ். சாதாரணப் பட்டறைக் கேஜ்களில் 2.5 என்று தரம் குறித்திருப்பார்கள். முழு அளவில் நூற்றுக்கு இரண்டரை வரை பிழை இருக்கலாம் என்பது அதன் பொருள். பதினாறில் நூற்றுக்கு இரண்டரை எவ்வளவு? சரியாக 0.4. அதாவது அந்தக் கையை நொறுக்கிய அழுத்தம் முழுவதும், புதிய கேஜுக்கே அனுமதிக்கப்பட்ட பிழைக்குள் மறைந்துவிடும் அளவுடையது. அதற்கு மேல், பல கேஜ்களில் சைபருக்கு அருகில் சிறு ஆணி ஒன்று முள்ளைத் தாங்கிக்கொண்டிருக்கும்; அந்த ஆணியின் மேல் சாய்ந்த முள் கொஞ்சம் அழுத்தம் வந்தாலும் எழுந்திருக்காது. நம் கடற்கரையின் உப்புக்காற்றில் சில ஆண்டு இருந்த கேஜ் என்றால் கேட்கவே வேண்டாம். நடு அளவுகளில் நியாயமாகப் பேசுகிற கருவி, நீங்கள் உயிரை ஒப்படைக்கிற அந்தக் கடைசி அளவில்தான் ஊமையாகிவிடுகிறது.

கையால் தொட்டுப் பார்த்து அறியலாமே என்று உங்களில் அனுபவசாலிகள் கேட்கலாம். அதுவும் உதவாது. தொட்டி எழுபது கிலோ எடையுள்ள இரும்பு. உள்ளே மிஞ்சியிருப்பதோ கிராம் கணக்கில் காற்று. அந்தக் காற்றைத் தொண்ணூறு டிகிரி சூடேற்றுவதற்கு இரும்பு இழக்கும் உஷ்ணம், அதன் சொந்தச் சூட்டில் ஒரு டிகிரியைக்கூடக் குறைக்காது. காலி செய்யும் வேலை முழுவதற்குமே இரண்டு மூன்று டிகிரிதான். வால்வின் உடல் மட்டும் சில்லென்று இருக்கும், அதன் வாயில் வெண்ணிறப் பனிப்புகை ஓடும். ஈரம் மிகுந்த மாதங்களில் உறைந்த நீர்த்துளியும் காணலாம். அந்தப் புகை, உள்ளே காற்று குளிர்ந்திருக்கிறது என்பதற்கு நீங்கள் கண்ணால் காணக்கூடிய ஒரே சாட்சி. புகை வந்தால், முள் எதைக் காட்டினாலும், காற்று இன்னும் பாக்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

இதே அறியாமையால் உங்களுக்கு நேரும் பண நஷ்டம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை நிறுத்தி, காற்றை ஒரு கிலோவுக்கு இறக்கி, வால்வை மூடிய பிறகு முள் தானாக ஏறுவதைக் கண்டு, "நான்-ரிட்டர்ன் வால்வு பாஸ் ஆகிறது, இன்னொரு கம்ப்ரசரின் காற்று இதில் வந்து சேருகிறது" என்று முடிவு கட்டி, நல்ல வால்வைக் கழற்றி எறிந்தவர்களை நான் அறிவேன். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். குளிர்ந்த காற்று சூடாவதால் வரும் ஏற்றம் முதலில் வேகமாகவும் வரவரத் தளர்ந்தும் சென்று பத்து நிமிஷத்துக்குள் நின்றுவிடும். வால்வு ஒழுகுவதால் வருவது நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் மெதுவாக இறக்கிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் மட்டும் வால்வைக் குறை சொல்லுங்கள்.

இனி நான் உங்களிடம் வேண்டுவதைச் சொல்கிறேன். தொட்டியைத் திறக்கவேண்டிய நாளில் காற்றை வேகமாக விடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் நேரத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். வேகமாகவே விடுங்கள், ஆனால் முள் சைபரைத் தொட்டதும் வால்வை மூடாதீர்கள். அடியிலிருக்கும் வடிகால் வால்வையும் சேர்த்துத் திறந்து, இரண்டையும் திறந்தபடியே விட்டு, கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். தூசிக்குப் பயந்தால் வாயில் ஒரு மெல்லிய துணியைத் தளர்வாகக் கட்டுங்கள், மூடிபோட்டு அடைக்காதீர்கள். சூடாகிற காற்று அந்த வழியே சத்தமின்றி வெளியேறிவிடும். வடிகாலில் துருச்சேறோ உறைந்த நீரோ அடைத்திருக்கக்கூடும் என்பதால், கால் மணி கழித்து அதில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிடுங்கள். போல்ட்டுகளைக் கழற்றும்போது எல்லாவற்றையும் முதலில் ஓரிரு சுற்று தளர்த்தி, நட்டுகள் போல்ட்டிலேயே இருக்க, மூடியைப் பக்கத்தில் நின்று நெம்பி அசைத்து, காற்று பிதுங்கவில்லை என்று உறுதி செய்த பின்னரே ஒரு நட்டையாவது முழுவதும் எடுங்கள். மூடிக்கு நேர் எதிரே முகத்தையோ கையையோ வைக்க எந்தப் பையனையும் அனுமதிக்காதீர்கள்.

இயலுமானவர்கள் இன்னொன்றும் செய்யலாம். இரண்டரைக் கிலோ வரை மட்டும் காட்டும் சிறு கேஜ் ஒன்றைத் தனிக் குழாய்த்திறப்புடன் தொட்டியில் பொருத்தி, பெரிய கேஜ் இரண்டுக்குக் கீழே வந்த பின்னரே அந்தத் திறப்பைத் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முன்பே திறந்தால் சிறு கேஜ் உடைந்துபோகும். பதினாறு கிலோ கேஜில் மறைந்துபோன அதே 0.4, இதில் ஆறில் ஒரு பங்கு தூரம் முள்ளை நகர்த்தி உங்கள் கண்ணுக்கு நேரே காட்டும்.

தடைக்காலம் தொடங்குமுன் உங்களில் யார் சொல்லி அனுப்பினாலும், அத்தகைய கேஜ் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் பட்டறைக்கு வருகிறேன். ஏழு கிலோவை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் உங்கள் பையன்கள் கையாலேயே விடச் சொல்லுங்கள். வால்வை மூடிய பின் அந்தப் பத்து நிமிஷமும் அவர்கள் என்னோடு நின்று முள்ளைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர் ஆசிரியன்